பழைய அம்மி, உரல், மார்பிள் உரல்: எதற்கு விலை கிடைக்கும், எதற்குக் கிடைக்காது?

கேள்வி: "காரைக்குடி பக்கம் தாத்தா கட்டிய வீட்டை இடிக்கப் போகிறோம். ஒரு அம்மி, சிமெண்டில் பதித்த ஆட்டுக்கல், ஒரு உரல், ஒரு திருகை, அப்புறம் வெள்ளை மார்பிள் மாதிரி நாலு காது வைத்த சின்ன உரல் ஒன்று இருக்கிறது. எல்லாமே நூறு வருஷத்துக்கு மேல் என்கிறார் அப்பத்தா. ஒரு வியாபாரி மொத்தமாக விலை கேட்கிறார். எவ்வளவு பழசு என்று எப்படிப் பார்ப்பது? சேகரிப்பவர்கள் வாங்குவார்களா?"

மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தையும் ஒரே விலைக்குக் கேட்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது அந்த நாலு காது உரலும், அடுத்தபடியாகத் திருகையும்தான். மற்ற மூன்றையும் சேர்த்துக் கேட்பது, எதன் மேல் கண் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பதற்காக. இன்னொன்று, எதையும் இப்போது கழுவ வேண்டாம். ஆசிட் ஊற்றவோ, மெஷின் வைத்துத் தேய்க்கவோ, கொத்துக்காரரைக் கூப்பிட்டுப் புதிதாகக் கொத்தவோ வேண்டாம். ஏன் என்று கீழே வரும்.

முதலில் அது என்ன கல் என்பதை முடிவு செய்ய வேண்டும். நம் ஊரில் வழவழப்பாக இருக்கும் எந்தக் கல்லையும் மார்பிள் என்று சொல்லிவிடுகிறோம், வியாபாரிகளும் அதே பெயரில் விற்கிறார்கள். நிஜ மார்பிள் என்பது சுண்ணாம்புக் கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி உருவானது, கிரானைட்டோடு ஒப்பிட்டால் மென்மையானது. கிரானைட் வகைக் கற்களில் இருக்கும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கத்தியைவிடக் கடினம். அதனால் கல்லின் அடிப்பக்கத்தில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு சமையலறைக் கத்தியின் நுனியால் கால் அங்குலத்துக்கு ஒரு கோடு இழுங்கள். மார்பிள் என்றால் கோடு பள்ளமாக விழும், வெள்ளைப் பொடி வரும். கருங்கல் என்றால் பள்ளம் விழாது, ஆனால் சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு கோடு தெரியும், அதைப் பார்த்துத்தான் பலர் கீறல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது கத்தியின் இரும்பு கல்லில் தேய்ந்து ஒட்டியது. ஈர விரலால் அழுத்தித் துடைத்து, நகத்தை அதன் மேல் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால்தான் கீறல். கத்தியே வேண்டாம், நகம் பட்டாலே மாவு மாதிரி வருகிறது என்றால் அது மாக்கல், கல்சட்டி செய்யும் கல்.

மார்பிள்தான் என்று தோன்றினால் இன்னொரு சோதனை. அந்தக் கீறலில் வந்த பொடி மேலேயே வெள்ளை வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டு விடுங்கள். சின்னச் சின்னக் குமிழ் எழும்பும். பொடியின் மேல் விடுவது முக்கியம், ஏனென்றால் பல வருஷம் எண்ணெயும் மருந்தும் ஊறிய பரப்பில் சொட்டு நேராகப் பட்டால் ஒன்றும் நடக்காது, சில வகை மார்பிளில் பொடியாக இருந்தால்தான் லேசாகவாவது குமிழ் வரும். உடனே தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த இடம் மங்கிப்போகும். வெள்ளையாக இருந்து, கத்தியும் ஏறாமல், குமிழும் வராமல், உடைந்த ஓரத்தில் கல்லின் மணிகளே தெரியாமல் மாவு பிசைந்தது போல ஒரே சீராக இருந்தால் அது கல்லே இல்லை, பீங்கான். பழைய மருந்துக் கடைகளில் இங்கிலாந்துப் பீங்கான் உரல்கள் நிறைய இருந்தன. அதற்கும் வாங்க ஆள் உண்டு, ஆனால் அடியிலோ பக்கத்திலோ கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து அதன்படி விற்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் போலியாக இன்று வருவது மார்பிள் தூளை ரெசினில் கலந்து அச்சில் வார்த்தது. அது கையில் எடுத்தால் கல்லின் குளிர்ச்சி இல்லாமல் இருக்கும், அச்சு சேர்ந்த கோடு ஒரு பக்கமாக ஓடும், அடியில் ஊசிக்குத்து அளவில் காற்றுக் குமிழ் ஓட்டைகள் தெரியும். மார்பிள் தூள் இருப்பதால் வினிகருக்கு இதுவும் கொஞ்சம் குமிழ் விடலாம், அதனால் குமிழை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

எடையை வைத்தும் ஓரளவு சொல்லலாம். பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். குழவியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு எடை பாருங்கள், பிறகு அப்படியே பக்கெட் தண்ணீரில் அடி தட்டாமல் முழுக்க மூழ்கவிட்டுப் பாருங்கள். வெளியே 6.2 கிலோ, தண்ணீருக்குள் 3.9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2.3. 6.2ஐ 2.3ஆல் வகுத்தால் 2.7 வருகிறது, அது கிரானைட் வகைக் கல்லுக்குச் சரியான அடர்த்தி. 2.3, 2.4 பக்கம் வந்தால் சிமெண்ட் வார்ப்பு என்று சந்தேகப்படுங்கள், தோட்ட அலங்காரத்துக்கு அப்படி நிறைய வார்க்கிறார்கள். 3ஐ ஒட்டி வந்தால் அடர் கறுப்பு டாலரைட் வகைக் கல், கடைகளில் பிளாக் கிரானைட் என்று சொல்வது பெரும்பாலும் இந்த இனம். மார்பிளும் 2.7தான் என்பதால் மார்பிளா கருங்கல்லா என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது, அதற்குக் கத்திதான்.

கல் என்னவென்று தெரிந்துவிட்டது, சரி. வயது?

இங்கேதான் அப்பத்தாவோடு கொஞ்சம் முரண்பட வேண்டியிருக்கிறது. கல்லை வைத்து வயது சொல்ல முடியாது, கல்லுக்குக் கோடிக்கணக்கான வருஷம். கொத்தியது எப்போது என்று சொல்லும் பரிசோதனைக்கூட வழியும் உங்களுக்கும் எனக்கும் கிடைப்பதாக இல்லை. அம்மியின் உருவமும் தலைமுறை தலைமுறையாக மாறவில்லை, 1920இல் கொத்தியதையும் 1965இல் கொத்தியதையும் பக்கத்தில் வைத்தால் நானும் பிரித்துச் சொல்ல மாட்டேன். சொல்ல முடிவது இரண்டே இரண்டு: கையால் கொத்தியதா மெஷினில் செய்ததா, எவ்வளவு காலம் நிஜமாகவே புழங்கியது. வருஷக் கணக்கு வேண்டுமென்றால் அதைக் கல்லுக்கு வெளியேதான் தேட வேண்டும்.

கையால் கொத்திய கல்லில் உளித்தடம் ஒரே சீராக இருக்காது. புரட்டிப் போட்டு அடியைப் பாருங்கள், யாரும் அக்கறை எடுத்துக்கொள்ளாத அந்தப் பக்கம்தான் உண்மை சொல்லும். பெரிய பெரிய பெயர்ப்புகள், அங்கங்கே உளியின் குத்து, மேடு பள்ளம், இதெல்லாம் கைவேலை. அடி தட்டையாக, நேர் நேர் கோடுகளோடு இருந்தால் ரம்பத்தில் அறுத்த பலகையிலிருந்து எடுத்தது. குழிக்குள் விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால் இசைத்தட்டில் ஓடுகிற மாதிரி வளையம் வளையமாகத் தட்டினால் கடைசலில் போட்டுக் கடைந்தது. பக்கவாட்டில் பிறை பிறையாக வெட்டுத் தடம் இருந்தால் கையில் பிடிக்கும் கட்டிங் மெஷின் பட்டிருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அதைப் பழசு என்று விற்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

புழக்கத்தின் தடம் இன்னும் சுவாரசியமானது, சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதும் பெரும்பாலும் இதற்குத்தான். ஒவ்வொரு கல்லும் அதன் வேலைக்குத் தகுந்தபடி தேயும். அம்மி நடுவில் நீளவாக்கில் பள்ளமாகும், நேரான ஸ்கேலை அதன் மேல் நிறுத்திவைத்தால் நடுவில் இடைவெளி தெரியும். குழவி முழு உருளையாக இருக்காது, தேய்ந்த பக்கம் ஒன்றோ இரண்டோ தட்டையாகி இருக்கும். ஆட்டுக்கல்லில் குழியின் பக்கச்சுவர் கீழ்ப்பாதி கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், அதைவிட நான் பார்ப்பது வாயின் விளிம்பை. ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தவர் எப்போதும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தால், மாவு தள்ளிய கை உரசிய அந்த ஒரு சாண் விளிம்பு மட்டும் மழுங்கி எண்ணெய் ஏறி நிற்கும், எதிர்ப்பக்கம் உளிக்கொத்து அப்படியே சொரசொரவென்று இருக்கும். உரலில் இதற்கு நேர்மாறு: குழியின் அடி பளபளக்காது, உலக்கைப் பூண் இடித்து இடித்து நொய் நொய்யாக மங்கலாக இருக்கும், தானியமும் உமியும் உரசிய சுவர்தான் மினுங்கும். அடிவரை ஒரே பளபளப்பாக ஓர் உரலைக் காட்டினால் அது உலக்கையால் வந்த பளபளப்பு இல்லை.

டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு இருட்டில் பாருங்கள், வெளிச்சம் கிடையாக விழும்படி. நிஜப் புழக்கத்தில் மேட்டில் இருக்கும் மணிகள்தான் முதலில் தேய்ந்து தட்டையாகும், இரண்டு மணிகளுக்கு நடுவே உள்ள சின்னப் பள்ளம் மங்கலாகவே நிற்கும். பாலிஷ் போட்டதில் அல்லது ஆசிட் கழுவியதில் பள்ளம் மேடு வித்தியாசமே தெரியாது.

அப்புறம் ஜோடிப் பொருத்தம். இதை வியாபாரிகள் சொல்ல மாட்டார்கள். குழவி உடைந்தாலோ தொலைந்தாலோ வேறு வீட்டுக் குழவியைச் சேர்த்து ஜோடி என்று விற்பது சாதாரணமாக நடக்கிறது. சேர்ந்தே தேய்ந்த ஜோடியில் அம்மியின் பள்ளமும் குழவியின் வளைவும் ஒன்றுக்கொன்று பொருந்தும். குழவியை அம்மியில் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் மயிரிழை மாதிரி ஒரே அளவில் வெளிச்சம் கசிய வேண்டும். நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் வந்தாலோ, இரண்டு ஓரத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றாலோ அது சேர்த்துவைத்த ஜோடி. இரண்டையும் நனைத்தும் பாருங்கள், ஈரத்தில் கல்லின் மணியும் நிறமும் தெளிவாகத் தெரியும். ஒன்று வெள்ளைப் புள்ளியும் கறுப்பு வரியுமாக, இன்னொன்று நீலம் ஓடிய கறுப்பாக இருந்தால் வேறு வேறு குவாரிக் கல். அப்படி இருப்பதாலேயே போலி என்று சொல்ல மாட்டேன், அந்தக் காலத்திலேயே வீட்டில் குழவி மாற்றியிருக்கலாம், பள்ளம் பொருந்தினால் ஏற்றுக்கொள்ளலாம்.

ஒரு நிஜ உதாரணம் சொல்கிறேன். தெரிந்தவர் ஒருவர் ஹோம்ஸ்டே தொடங்கினார், வாசலில் வைக்க நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் ஓர் ஆட்டுக்கல் வாங்கினார். செட்டிநாட்டு வீட்டுப் பொருள், 150 வருஷம், கறுப்பு மார்பிள் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கத்தி ஏறவில்லை, ஆக மார்பிள் இல்லை. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, மார்பிளில் யாரும் தினமும் இட்லிக்கு மாவாட்ட மாட்டார்கள். நகப் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனில் பஞ்சை நனைத்து வெளிப்பக்கம் துடைத்தோம், பஞ்சு கன்னங்கரேல் என்று வந்தது, கீழே வெளிர் சாம்பல் கல். பழைய வீட்டு எண்ணெயும் புகையும் கல்லுக்குள் ஊறியிருக்கும், பஞ்சில் பழுப்பாகக் கொஞ்சம் வரும், ஆனால் கல்லின் நிறமே மாறாது. இது பூசியது. குழிக்குள் வளையத் தடம் விரலுக்கே தெரிந்தது. குழவி அடியில் உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. விளிம்பு சுற்றிலும் ஒரே கூர்மை, எந்தப் பக்கம் உட்கார்ந்து ஆட்டினார்கள் என்று சொல்லவே முடியவில்லை. கடைசியாகப் புரட்டினோம், அடியில் ரம்பக் கோடு. ஆக அது புதுக் கல், அதுவும் ஒருநாளும் மாவு பார்க்காத கல். அவர் கொடுத்த விலைக்குப் புதிதாகவே மூன்று வாங்கியிருக்கலாம். சரி, வாசலில் அழகாகத்தான் இருக்கிறது.

இனி வருஷக் கணக்குக்கு வருவோம். உங்கள் வீட்டில் தேட வேண்டியது எழுத்து. செட்டிநாட்டுப் பக்கம் பாத்திரங்களில் விலாசம் வெட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும், சில வீடுகளில் கல்லிலும் அடிப்பக்கமோ பக்கவாட்டிலோ எழுத்து இருக்கும். மாவுப்பூச்சும் அழுக்கும் அடைத்திருப்பதால் நேராகப் பார்த்தால் தெரியாது, டார்ச்சைக் கிடையாகப் பிடித்துத் தேடுங்கள். எழுத்து கிடைத்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். னை, லை, ணா, றா போன்றவற்றைத் தமிழ்நாட்டு அரசு மாற்றியது 1978இல். துதிக்கை வைத்த பழைய வடிவம் வெட்டியிருந்தால், பெரும்பாலும் அதற்கு முன்னால் எழுதப் படித்தவர் கை. அது 1890 என்று நிரூபிக்காது, நேற்று வெட்டிய போலி என்ற சந்தேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். எழுத்தின் பள்ளமும் சுற்றியுள்ள பரப்பும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், எழுத்து மட்டும் வெளிறி இருந்தால் பிறகு வெட்டியது. கல்யாணச் சீர்வரிசைப் பட்டியல் எழுதிய நோட்டு பெட்டியில் எங்காவது கிடந்தால், அதில் அம்மி குழவி என்று ஒரு வரி இருந்தால், அதைக் கல்லோடு சேர்த்தே வையுங்கள். வீடு கட்டிய வருஷம் நிலைக்கதவிலோ முகப்பிலோ இருந்தால் அதையும் கற்கள் இடத்தில் இருக்கும்போதே படம் எடுங்கள். இடித்த பிறகு எடுத்த படத்துக்கும் இடிப்பதற்கு முன் அடுக்களையில் கிடக்கும்போது எடுத்த படத்துக்கும் வாங்குபவர் கண்ணில் நிறைய வித்தியாசம் உண்டு.

நூறு வருஷம் என்பதை நான் அவ்வளவாக நம்பாததற்குக் காரணம், இந்தக் கற்கள் தேயும், உடையும், மாற்றுவார்கள். மின்சார கிரைண்டர் 1950களில் கோயம்புத்தூரில் பிறந்து, எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர அதற்குப் பிறகும் பல வருஷம் ஆயிற்று. அதுவரை இது அன்றாடப் பண்டம். இன்று வீடுகளில் கிடக்கும் கற்களில் பெரும்பகுதி அந்தக் கடைசித் தலைமுறையில் வாங்கியதாகத்தான் இருக்க முடியும். உங்கள் ஆட்டுக்கல் சிமெண்டில் பதித்தது என்கிறீர்கள், அந்தச் சிமெண்டு வேலை எப்போது நடந்தது என்று அப்பத்தாவிடமே கேளுங்கள், கல்லும் அப்போதே வாங்கியதா என்பதையும் சேர்த்து.

உங்கள் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சாதாரண அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றும் சேகரிப்புச் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை நடந்து வாருங்கள், நான் சொல்வது புரியும். எடை அதிகம், ஏற்றி இறக்க நாலு ஆள், வண்டி வாடகை, இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் வியாபாரி விலை சொல்ல முடியும், அதனால் பல நேரம் கல்லின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். கால் வைத்துச் செதுக்கியது, எட்டுப்பட்டை அடி, விளிம்பில் தாமரை இதழ், இடுப்புக் குறுகி நல்ல அமைப்பாக வந்த உரல், கைக்கு அடக்கமாகச் சின்ன அளவில் செய்தது, இப்படி ஏதாவது இருந்தால் கணக்கு மாறும். சின்னது என்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். நகரத்தில் அடுக்குமாடியில் இருப்பவர் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அளவாக இருப்பதாலேயே அதற்குப் பெரிய கல்லைவிட ஆள் அதிகம். ஆட்டுக்கல்லைப் பெயர்க்கச் சம்மட்டி போடாதீர்கள், கல்லிலிருந்து ஒரு கையகலம் தள்ளிச் சுற்றிலும் தளத்தைக் கட்டிங் மெஷினில் அறுத்து, சிமெண்டோடு சேர்த்துத் தூக்கி, பிறகு சிறு உளியால் சிமெண்டை மட்டும் தட்டி எடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் சிமெண்டுக்கு ஆசிட் ஊற்றினால் கல்லில் இருக்கும் இரும்பு துருவேறி மஞ்சள் மஞ்சளாகத் திட்டு விழும், அது போகவே போகாது. தூக்கிய பிறகு மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது, பொத்தென்று அடங்கினால் உள்ளே விரிசல்.

திருகைக்கு அதைவிட நல்ல நிலைமை. இரண்டு கல்லும் இருக்கிறதா, கீழ்க்கல்லின் நடுவில் இரும்பு முளை நிற்கிறதா, மேல்கல்லில் தானியம் போடும் வாய் உடையாமல் இருக்கிறதா, இந்த மூன்றும்தான் முதலில். முளையைச் சுற்றிக் கல்லில் துரு வளையமாக ஊறியிருந்தால் அது பழைய முளை, புது வெல்டிங் கம்பி நட்டிருந்தால் சுற்றிலும் சிமெண்டோ எம்-சீலோ தெரியும். மேல்கல்லின் தடிமனை நாலு பக்கமும் அளந்து பாருங்கள். பல வருஷம் ஓடிய கல் ஒரே தடிமனாக இருக்காது, கைப்பிடியின் இழுப்பால் ஒரு பக்கம் அதிகம் தேயும். கைப்பிடி மரம் போய்விட்டால் போகட்டும், புதிதாக மரம் செருகிவைக்க வேண்டாம்.

அந்த நாலு காது வெள்ளை உரல்தான் நேரம் செலவு செய்ய வேண்டியது. விளிம்பில் நாலு பக்கமும் காது, அதில் ஒன்றில் ஊற்றுவதற்கு வாய்க்கால் மாதிரி வெட்டு இருக்கிறதா? இருந்தால் அது நம் ஊர் அமைப்பு இல்லை, ஐரோப்பிய மருந்துக் கடைகளிலும் சமையலறைகளிலும் இருந்த மார்பிள் உரலின் அமைப்பு. தாத்தாவோ அவர் அப்பாவோ பர்மா, மலாயா போய் வந்தவரா, வீட்டில் யாராவது மருந்துக் கடை வைத்திருந்தார்களா என்று விசாரியுங்கள், வெளிநாட்டுச் சாமான்களோடு வந்து சேர்ந்திருக்கலாம். கடைசல் வளையம் குழியில் இருக்கிறதா, வெளிப்பக்கம் காதுகளுக்கு நடுவே உளித்தடமோ அரத்தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். ராஜஸ்தானில் இன்று கடைந்து வரும் புது மார்பிள் உரல்கள் வட்டமாக, உள்ளும் புறமும் ஒரே பாலிஷோடு இருக்கும், காது நாலும் அச்சு எடுத்த மாதிரி ஒரே அளவாக இருக்கும். கைவேலையில் நாலு காதும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். உள்ளே புளிப்பும் மருந்தும் பட்டு மங்கிப்போன அடி, விளிம்பில் பழைய சின்ன உடைவுகள், அந்த உடைவுகளின் ஓரமே மழுங்கி அழுக்கேறி இருப்பது, இதெல்லாம் குறை இல்லை, சான்று. புதிதாக உடைந்த இடத்தில் சர்க்கரை மாதிரி மினுங்கும். இதற்கு உரிய குழவி மரமாக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், மார்பிள் மென்மை என்பதால் கடினமான கல் குழவியை அதில் போட மாட்டார்கள். பரண்மேல் எங்காவது ஒரு மரக்குழவி அனாதையாகக் கிடக்கிறதா என்று இடிப்பதற்கு முன் தேடிவிடுங்கள், அது சேர்ந்தால் விலை வேறு.

வைத்தியர் வீடு என்றால் இன்னொன்றும் கிடைக்கலாம், நீங்கள் சொன்ன பட்டியலில் இல்லை, ஆனாலும் பாருங்கள்: படகு மாதிரி நீளவாக்கில் குழிந்த சின்னக் கல், கல்வம் என்பது. சித்த மருந்து அரைப்பதற்கானது. பெரிய உரல் பக்கத்தில் ஒன்றுமில்லாதது போலக் கிடக்கும், இடிக்கிற ஆட்கள் குப்பையோடு அள்ளிவிடுவார்கள். குழவியோடு முழுதாகக் கிடைத்தால் அம்மியைவிட நல்ல விலைக்குப் போகும். நாள்பட்ட கல்வங்களில் பாதரசம், பாஷாணம் அரைத்திருக்க வாய்ப்பு உண்டு, அதனால் அதைக் கழுவிச் சமையலுக்கு எடுத்துவிடாதீர்கள்.

கழுவ வேண்டாம் என்றேன் அல்லவா. சேகரிப்பவர் பார்ப்பது புழக்கத் தடத்தை, நீங்கள் மெஷின் வைத்துத் தேய்த்தால் முதலில் போவது அதுதான். அதே போலத்தான் கொத்துவதும். அரைக்க வாங்குகிறவருக்குப் புதிதாகக் கொத்திய அம்மி நல்லது, சேகரிப்பவருக்கு அது தேய்மானத்தை அழித்த அம்மி. யாருக்கு விற்கிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு பிறகு கை வையுங்கள். தூசி தட்டி, மெல்லிய தேங்காய் நாரால் வெறும் தண்ணீரில் துடைப்பது போதும். வெயிலில் கிடந்த கல்லில் வெள்ளை வெள்ளையாக வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கும் பாசியினத்தையும் சுரண்ட வேண்டாம், சிலர் அதற்காகவே வாங்குகிறார்கள். மார்பிளுக்கு எந்தப் பாத்ரூம் கிளீனரும் ஆகாது. உரலைத் தொட்டியாக்க அடியில் ஓட்டை போட்டுவிட்டால் அதன் பிறகு அது வெறும் தொட்டிதான்.

சட்டத்தையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், வெளிநாட்டிலிருந்து யாராவது கேட்கும்போது உதவும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருளையும் கைவினைப் பொருளையும் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால் இணையத்தில் "200 வருஷப் பழமை" என்று நீங்களே எழுதி, பிறகு கப்பலில் அனுப்பப் போனால் உங்கள் வாயாலேயே மாட்டிக்கொள்வீர்கள். நூறு வருஷம் ஆகாதது என்று உறுதியாக இருந்தால், தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கித்தான் அனுப்ப வேண்டும். வீட்டு அம்மியில் வெட்டிய விலாச எழுத்து வேறு, கல்வெட்டு வேறு. பழைய செக்குகளில் யார் தானம் செய்தது என்று வெட்டியிருப்பது நம் ஊர்களில் உண்டு, அப்படி ஒன்று தோட்டத்தில் கிடந்தால் அது விற்கிற பொருள் இல்லை, மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டியது. அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது வந்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே போதும்.

வியாபாரியிடம் இப்போதைக்கு நாலு காது உரலும் திருகையும் வீட்டுக்கு வேண்டும், மற்ற மூன்றுக்கும் மட்டும் விலை சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவர் ஆர்வம் சட்டென்று இறங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த இரண்டையும் எட்டுக் கோணத்தில், அடிப்பக்கமும் குழியின் உள்ளும் சேர்த்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, எடையும் விட்டமும் ஆழமும் எழுதி, வீட்டின் விவரத்தோடு குறைந்தது மூன்று பேரிடம் காட்டுங்கள். அதில் ஒருவராவது ஊருக்கு வெளியே, சென்னையிலோ கொச்சியிலோ இருப்பவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மியை என்ன செய்வது என்றால், உங்கள் வீட்டில் கல்யாணம் ஏதும் பாக்கி இருந்தால் அப்பத்தா அதைக் கொடுக்க விடமாட்டார், விட்டாலும் வரும் காசு அந்த நாளில் மிதிக்க ஒரு நல்ல அம்மி வாங்கக் காணாது.